பத்தில் இரண்டு பெயர்கள்

"அப்ரூவர் ஆயிட்டான்" என்ற வசனத்தை நாம் எல்லோரும் சினிமாவில் கேட்டிருப்போம். அந்த வசனம் வந்துவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். கூட இருந்தவனே வாயைத் திறந்துவிட்டான், இனி யாரும் தப்ப முடியாது. அடுத்த காட்சியில் வில்லன் கையில் விலங்கு இருக்கும்.

சட்டக் கல்லூரி முடித்து, ஒரு சின்ன மாவட்டத் தலைநகரில் கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிதில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். கூட இருந்தவனை விட நல்ல சாட்சி யார் இருக்க முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் இருட்டில் ஓடியவனின் முதுகைத்தான் பார்த்திருப்பார். போலீஸ் எல்லாம் முடிந்த பிறகு வந்தவர்கள். அப்ரூவர் ஒருவன்தான் உள்ளே இருந்து பார்த்தவன். அப்படிப்பட்டவனின் சாட்சியை மட்டும் நம்பித் தண்டிக்கக் கோர்ட் ஏன் தயங்குகிறது என்பது, பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நாளிலிருந்தே எனக்கு விளங்காமல் இருந்த விஷயம். "அவனும் திருடன்தானே, பொய் சொல்வான்" என்பதுதான் பாடத்தில் இருந்த காரணம். அது போதாத காரணம் என்று இப்போது நினைக்கிறேன். உண்மையான காரணத்தை நான் ஒரு வழக்குக் கட்டில்தான் பார்த்தேன்.

வழக்கு இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊருக்கு வெளியே தோட்ட வீட்டில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மா. ராத்திரி வீடு புகுந்து, கையைக் காலைக் கட்டி, வாயில் துணியை அடைத்துவிட்டு, நகையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். துணி மூச்சை அடைத்து அந்த அம்மா இறந்துபோனார். மூன்று வாரத்தில் ஐந்து பேர் கைதானார்கள். அதில் ஒருவன் அப்ரூவர் ஆனான். மீதி நான்கு பேர் எதிரிகள். நான்காவது எதிரி, அதாவது ஏ-4, எங்கள் கட்சிக்காரர். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு அடிப்பவர்.

அப்ரூவரின் வாக்குமூலத்தை முதல்முறை படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு பக்கம். அதில் ஒரு வரிகூட ஜோடனை மாதிரி இல்லை. எந்தப் பக்க வேலியில் முள் குறைவு, எந்த ஜன்னலில் கம்பி தளர்ந்திருந்தது, டார்ச்சை யார் பிடித்தது, அந்த அம்மா என்ன சொல்லிக் கெஞ்சினார், எல்லாம் இருந்தது. பீரோ சாவி எங்கே என்று கேட்டபோது அவர் அரிசிப் பானையைக் காட்டினார் என்று இருந்தது. அம்மா சாவியை அரிசிப் பானைக்குள்தான் வைப்பார் என்று மகள் தனியாக போலீசிடம் சொல்லியிருந்தார். தன்னையும் அவன் விட்டுவைக்கவில்லை. "நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தான். நல்லவனாகக் காட்டிக்கொள்கிற அப்ரூவர் "நான் வாசலில் நின்றேன், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது" என்பான். இவன் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் கட்சிக்காரரைப் பற்றி அதில் மூன்று இடங்களில் வந்தது. அவருடைய லோடு ஆட்டோவில்தான் போனார்கள். அவர் தோட்டத்துக்குள் வந்து கிணற்றடியில் காவலுக்கு நின்றார். திரும்பும்போது அவருக்கும் பங்கு பேசப்பட்டது.

சீனியரிடம் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சார், இவன் சொல்றது உண்மைன்னுதான் எனக்குத் தோணுது" என்றேன்.

"எனக்கும் அப்படித்தாம்மா தோணுது. அதுதான் நமக்குப் பிரச்னை" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வேலை கொடுத்தார். வாக்குமூலத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அது வேறு எந்தச் சாட்சியால் உறுதியாகிறது என்று பென்சிலில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும், இரண்டாவது பத்தி ஒன்று போட்டு, அந்த உறுதி யாரைப் பற்றியது என்று எழுதச் சொன்னார். முதல் பத்தி முழுக்க நிரம்பியது. இரண்டாவது பத்தியை எழுதும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்துவிடலாம். அந்த வழக்கு நடந்தபோது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம்தான் அமலில் இருந்தது. அதில் இந்த விஷயத்துக்கு இரண்டு இடங்கள். பிரிவு 133, உடந்தையாளர் தகுதியுள்ள சாட்சிதான் என்கிறது. வேறு உறுதிச் சான்று எதுவும் இல்லாமல் அவர் சாட்சியை மட்டும் வைத்துத் தண்டித்தால், அந்த ஒரு காரணத்துக்காக அது சட்டவிரோதம் ஆகாது என்றும் சொல்கிறது. ஆனால் பிரிவு 114-இன் கீழ் உள்ள ஓர் எடுத்துக்காட்டு, முக்கியமான விவரங்களில் உறுதி கிடைக்காதவரை உடந்தையாளர் நம்பத் தகாதவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. ஒரு கை கொடுக்கிறது, இன்னொரு கை பிடுங்கிக்கொள்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக நீதிமன்றங்கள் இரண்டையும் சேர்த்து வாசித்து ஒரு வழி கண்டன. தண்டிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் உறுதிச் சான்று இல்லாமல் தண்டிப்பது ஆபத்து, அந்த ஆபத்தை நீதிபதி தெரிந்தே கணக்கில் எடுக்க வேண்டும். எச்சரிக்கையாகத் தொடங்கிய இது, நடைமுறையில் ஏறக்குறைய சட்டம் மாதிரியே ஆகிவிட்டது. கோர்ட் வராந்தாவில் இதற்குக் 'கொராபரேஷன்' என்றுதான் பெயர்.

ஆபத்து என்றால் எந்த ஆபத்து? இதற்கு நான் படித்ததிலேயே தெளிவான பதில் 1949-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. பிரிவி கவுன்சில் என்ற பெயரை நம்மில் பலர் பாகவதர் வழக்கில்தான் கேட்டிருப்போம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1945-இல் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் தண்டனை, லண்டனுக்கு அப்பீல், மறுபடி சென்னை உயர் நீதிமன்றம், 1947-இல் விடுதலை. அந்த வழக்கிலும் அரசுத் தரப்பில் ஓர் அப்ரூவர் இருந்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரிசாவிலிருந்து போன புபோனி சாகு என்பவரின் அப்பீல். கொலை வழக்கு. அவருக்கு எதிராக மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, அப்ரூவரின் சாட்சி. இரண்டு, கூட்டாளி ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்து, பிற்பாடு மறுத்துவிட்ட ஒப்புதல் வாக்குமூலம். மூன்று, செத்தவருடையது என்று சொல்லப்பட்ட ஒரு வேட்டித் துணியும் புல் வெட்டும் கருவி ஒன்றும் கைப்பற்றப்பட்டது. கீழே தண்டித்துவிட்டார்கள்.

பிரிவி கவுன்சிலில் தீர்ப்பு எழுதியவர் சர் ஜான் போமாண்ட். பம்பாயில் தலைமை நீதிபதியாக இருந்தவர். இந்தியக் கிரிமினல் கோர்ட் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். உடந்தையாளர் கெட்டவர், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவர், தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அரசுப் பக்கம் சாய வாய்ப்புள்ளவர் என்பது மட்டும் ஆபத்து இல்லை. அவர் சொல்கிற கதை மொத்தத்தில் உண்மையானது. அதுதான் நிஜமான ஆபத்து. உண்மையான கதைக்குள் பொய்யான ஒரு துண்டைச் செருகுவது அவருக்கு மிகச் சுலபம். பத்துப் பேரைச் சொல்வார். எட்டுப் பேரைப் பொறுத்தவரை கதை முழுக்க உண்மையாக இருக்கலாம். மீதி இரண்டு பேர் அவருக்கு வேண்டாதவர்கள் என்பதால் சேர்க்கப்பட்டிருக்கலாம். ஆகவே, அந்தக் குறிப்பிட்ட ஆளைக் குற்றத்தோடு ஓரளவாவது தொடர்புபடுத்துகிற, சுதந்திரமான சாட்சியம் வேண்டும் என்று வற்புறுத்துவது ஒன்றுதான் பாதுகாப்பு.

இதைப் படித்த பிறகு பொய்சாட்சியைப் பற்றிய என் பயம் இடம் மாறிவிட்டது. முழுப் பொய் சொல்கிறவனைக் குறுக்கு விசாரணையில் உடைக்கலாம். கதவு எந்தப் பக்கம் திறக்கும், நிலா இருந்ததா, நாய் குரைத்ததா என்று கேட்டுக்கொண்டே போனால் எங்காவது தடுமாறுவான். அங்கே இல்லாதவனுக்கு அந்த விவரம் தெரியாது. ஆனால் உண்மையாகவே அங்கே இருந்தவன், நடந்ததை அப்படியே சொல்லி, கிணற்றடியில் நின்றவனின் பெயரை மட்டும் மாற்றினால் அவனை எதை வைத்து உடைப்பது? கதவு, நிலா, நாய் எல்லாவற்றுக்கும் அவனிடம் சரியான பதில் இருக்கிறது. நாம் கேட்கக் கேட்க அவன் நம்பகமானவனாக ஆகிக்கொண்டே போவான். மாற்ற வேண்டியது ஒரே ஒரு பெயர். நடை, உடை, பேச்சு எல்லாம் நிஜமான ஆளுடையது. பெயர் மட்டும் வேறொருவருடையது.

இனி என் இரண்டாவது பத்திக்கு வருகிறேன்.

ஏ-1: செத்த அம்மாவின் சங்கிலியை நான்கு நாள் கழித்து ஓர் அடகுக் கடையில் சொந்தப் பெயரில் வைத்திருக்கிறார். ரசீது இருக்கிறது. மகள் சங்கிலியை அடையாளம் காட்டியிருக்கிறார். அடகுக் கடைக்காரருக்கு அப்ரூவர் யாரென்றே தெரியாது. இது சுதந்திரமான சான்று, ஏ-1 என்ற ஆளைத் தொடுகிறது.

ஏ-2: பீரோவின் உள்தட்டில் அவர் விரல் ரேகை. அவருக்கும் அந்த வீட்டுக்கும் எந்தப் போக்குவரத்தும் இல்லை. இதுவும் ஆளைத் தொடுகிறது.

ஏ-3: அவர் காட்டிய இடத்தில், வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டி இரண்டு வளையல் எடுத்தார்கள். வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் மகஜர் சாட்சிகள். கைப்பற்றல்களை எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும், ஆனால் இந்த வளையல்கள் அந்த அம்மாவுடையவை என்பதில் சந்தேகம் இல்லை. ஆளைத் தொடுகிறது.

ஏ-4: இங்கே என் பென்சில் நின்றுவிட்டது. அவருக்கு எதிராக எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. அரசுத் தரப்பு நான்கு விஷயங்களைக் காட்டியது. பார்த்த மாத்திரத்தில் நான்குமே கனமாகத்தான் தெரிந்தன.

முதலாவது, அவருடைய ஆட்டோ. அப்ரூவர் வண்டி நம்பரைச் சரியாகச் சொன்னான். வண்டியும் அவர் வீட்டு வாசலிலேயே கைப்பற்றப்பட்டது. ஆனால் ஏ-1 காய்கறி வியாபாரம் செய்தவர். இரண்டு வருடமாக இதே ஆட்டோவைத்தான் வாடகைக்கு எடுத்தார். அப்ரூவர் அவரிடம் மூட்டை தூக்கியவன். அவனுக்கு அந்த நம்பர் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நம்பர் தெரிவது அந்த ராத்திரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது, பெட்ரோல் பங்க் கேமரா. ராத்திரி 1.40-க்கு ஒரு லோடு ஆட்டோ தோட்டத்துப் பக்கம் போகிறது. இதைப் பார்த்துத்தான் பி.பி. மிகவும் நம்பினார். ஆனால் நம்பர் பிளேட் வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது. அப்ரூவர் சொன்ன கதையில் 'லோடு ஆட்டோவில் போனோம்' என்பதை இது உறுதிப்படுத்துகிறது. 'இன்னாருடைய ஆட்டோ' என்பதை உறுதிப்படுத்தவில்லை. குற்றம் நடந்த விதத்துக்கான உறுதியும் குற்றவாளி இன்னார் என்பதற்கான உறுதியும் வேறு வேறு என்பதை 1916-இல் பாஸ்கர்வில் வழக்கில் லார்ட் ரீடிங் சொல்லிவிட்டார். இங்கிலாந்துத் தீர்ப்பு, ஆனால் நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டது. அரிசிப் பானைச் சாவியும் அப்படித்தான். அப்ரூவர் அந்த வீட்டுக்குள் இருந்தான் என்பதைத்தான் அது நிரூபிக்கிறது. அதை யாரும் மறுக்கவே இல்லையே!

மூன்றாவது, போன். சம்பவத்துக்கு முந்தைய வாரம் ஏ-1-க்கும் எங்கள் கட்சிக்காரருக்கும் பதினோரு அழைப்புகள். குற்றப்பத்திரிகையில் அந்த ஒரு வாரத்துக் கணக்கு மட்டும்தான் இருந்தது. சீனியர் மனுப் போட்டு அதற்கு முந்தைய மூன்று மாதக் கணக்கையும் வரவழைத்தார். ஒவ்வொரு வாரமும் ஒன்பது, பன்னிரண்டு, பத்து என்றுதான் இருந்தது. மார்க்கெட் நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் போன், அவ்வளவுதான். சம்பவ ராத்திரி அவர் போன் எந்த டவரில் இருந்தது? அவரிடம் இருந்தது பட்டன் போன். அந்தக் கணக்கில், அழைப்போ குறுஞ்செய்தியோ இருந்தால்தான் டவர் பதிவாகும். ராத்திரி பத்தரை முதல் காலை ஆறு வரை எதுவும் இல்லை. வீட்டில் தூங்கியவருக்கும் அப்படித்தான் இருக்கும், போனைத் தொடாமல் கொள்ளைக்குப் போனவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நான்காவதுதான் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. ஏ-2 மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த 164 வாக்குமூலத்தில் எங்கள் கட்சிக்காரர் பெயரைச் சொல்லியிருந்தார். பிறகு அதை மறுத்துவிட்டார். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொல்கிறார்களே, அது போதாதா? புபோனி சாகு வழக்கில் இருந்த அதே நிலைமை. அங்கே பிரிவி கவுன்சில் சொன்ன பதில், கறை படிந்த சாட்சியம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதால் கறை போய்விடாது என்பது. முதலில் இது எனக்கு வெறும் வாக்குச் சாமர்த்தியமாகப் பட்டது. பிறகு தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஏ-2-வும் அப்ரூவரும் ஒரே நாளில் கைதாகி, போலீஸ் காவலில் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். ஏ-2-வின் வாக்குமூலம் அதற்குப் பிறகு. அப்ரூவரின் வாக்குமூலம் அதற்கும் பிறகு. இருவரும் தனித்தனியாகச் சொன்னார்களா, ஒரே இடத்தில் உருவான ஒரு பெயரை இருவரும் சொன்னார்களா என்பதை வெளியிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது. பெயரைச் சொல்ல இருவருக்கும் ஒரே மாதிரி காரணம் இருக்கலாம் என்கிறபோது, இரண்டு சாட்சிகள் என்பது ஒரு சாட்சியை விடப் பெரிதாக ஆவதில்லை. புபோனி சாகுவுக்கு எதிராக மிச்சம் இருந்தது அந்தத் துணியும் கருவியும்தான். அவை அவரைக் கொலையோடு இணைக்கப் போதவில்லை. அவர் விடுதலையானார்.

இதில் ஒரு நியாயமான கேள்வி வரும். அப்ரூவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் வேறு சாட்சி வேண்டும் என்றால், அப்ரூவர் எதற்கு? கோர்ட் அவ்வளவு கேட்பதில்லை. முழுக் கதைக்கும் சுதந்திரச் சாட்சி கிடைத்தால் அப்ரூவரே தேவையில்லை என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். அவர்கள் கேட்பது கொஞ்சம்தான். அந்த ஆளைக் குற்றத்தோடு கட்டுகிற ஒரு நூல் போதும். சூழ்நிலைச் சான்றாகக்கூட இருக்கலாம். அந்த நூல் அப்ரூவரின் கையிலிருந்து வந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெயரைச் செருக அவனுக்கு என்ன காரணம் என்றும் கேட்கலாம். எங்கள் கட்சிக்காரர், வாடகை பாக்கி நாலாயிரம் ரூபாய் கேட்டு மார்க்கெட்டில் வைத்து அப்ரூவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாகச் சொன்னார். கூண்டில் கேட்டபோது அப்ரூவர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றான். பகையை நிரூபிக்க எங்களிடம் சாட்சி இல்லை. சீனியர் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை. அவர் எனக்குக் காட்டிய காரணம் வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கூட்டுக் கொள்ளை என்ற குற்றத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். அதில் கொலையும் நடந்தால், கொன்றது யாராக இருந்தாலும் ஐந்து பேரும் கொலைக்குப் பொறுப்பு. நான்கு பேர் என்றால் அந்தப் பிரிவு கிடையாது. யார் என்ன எண்ணத்தோடு என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். அப்ரூவரைச் சேர்த்து எண்ணினால் எங்கள் கட்சிக்காரர்தான் ஐந்தாவது ஆள்.

"அப்போ போலீஸ்தான் சேர்த்துட்டாங்களா சார்?"

"எனக்குத் தெரியாதும்மா. ஒரு பெயர் தேவைப்பட்டதுன்னு மட்டும் தெரியும். தேவை இருக்கிற இடத்துல பெயர் வந்தா நாம ரெண்டு தடவை பார்க்கணும்."

அப்ரூவரின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். கோர்ட் அவனுக்குக் கொடுப்பது நிபந்தனையோடு கூடிய மன்னிப்பு. தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முழுமையாகவும் உண்மையாகவும் சொல்ல வேண்டும். எதையாவது மறைத்தான் அல்லது பொய் சொன்னான் என்று பி.பி. சான்றளித்தால், மன்னிப்புப் போய் அவனே எதிரியாக விசாரிக்கப்படலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். விசாரணையின் தொடக்கத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், பிறகு மனசு மாறி "அவர் வரவில்லை" என்று சொன்னால் அதுவே நிபந்தனையை மீறியதாகிவிடும் என்ற பயம் வரும். உண்மையைச் சொல்ல வைப்பதற்கான நிபந்தனை, முதலில் சொன்னதையே கடைசிவரை சொல்ல வைக்கிறது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே ஜாமீனில் இல்லாத அப்ரூவர், வழக்கு முடியும்வரை சிறையிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். எதிரிகளான ஏ-3-யும் எங்கள் கட்சிக்காரரும் ஜாமீனில் வெளியே இருந்தார்கள். மன்னிக்கப்பட்டவன் உள்ளே இருந்தான். கூண்டில் நின்றபோது அவன் மெலிந்து, காதோரம் நரைத்திருந்தான். அவனைப் பார்த்தால் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

சீனியரின் குறுக்கு விசாரணை இருபது நிமிடம்தான். கதையை உடைக்க அவர் முயற்சியே செய்யவில்லை. வண்டி நம்பர் எப்படித் தெரியும், எத்தனை முறை அந்த வண்டியில் ஏறியிருக்கிறீர்கள், ஏ-2-வோடு எத்தனை நாள் ஒரே அறையில் இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவன் உண்மையான பதிலே சொன்னான். அந்த உண்மையான பதில்கள்தான் எங்களுக்கு வேண்டியிருந்தன.

தீர்ப்பில் ஏ-1, ஏ-2, ஏ-3 தண்டிக்கப்பட்டார்கள். நீதிபதி அப்ரூவரை நம்பினார் என்பதை அழுத்தமாகவே எழுதியிருந்தார். நான்காவது எதிரியைக் குற்றத்தோடு இணைக்க, அப்ரூவரின் வாயிலிருந்து வராத ஒரு சான்றும் இல்லை என்று எழுதி எங்கள் கட்சிக்காரரை விடுவித்தார். ஐந்தாவது ஆள் நிரூபணம் ஆகாததால் கூட்டுக் கொள்ளைப் பிரிவு நிற்கவில்லை. கொலையும் கொள்ளையும் நின்றன.

வராந்தாவில் இறந்துபோன அம்மாவின் மகள் என்னிடம் வந்தார். சண்டைக்கு வரவில்லை. "அவன் சொன்ன மத்ததெல்லாம் நிஜம்னா, இது மட்டும் எப்படிம்மா பொய்யாகும்?" என்று கேட்டார். பொய் என்று கோர்ட் சொல்லவில்லை, போதாது என்றுதான் சொல்லியிருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்? கிணற்றடியில் யாரோ ஒருவன் நின்றிருந்தால், அவன் வெளியே இருக்கிறான். அது எங்கள் கட்சிக்காரரா, வேறு ஆளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த விதியின் விலை அதுதான். உண்மையிலேயே கூட இருந்து, தடயம் எதுவும் விடாமல், காவலுக்கு மட்டும் நின்றவன் இந்த விதியால் தப்பிக்கலாம். அதை மறைத்துவிட்டு இந்த விதியைப் புகழ்வது நேர்மையாக இருக்காது. ஆனால் விதியை எடுத்துவிட்டால், கெட்டவனோடு தினமும் தொழில் பேசுகிற, ராத்திரி தனியாகத் தூங்குகிற, பட்டன் போன் வைத்திருக்கிற எவர் பெயரையும் அந்தப் பதினோரு பக்கத்துக்குள் சேர்த்துவிடலாம். சேர்த்த பிறகு பிரித்தெடுக்க ஒரு வழியும் இருக்காது.

2024 ஜூலையிலிருந்து பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்திருக்கிறது. அதில் பழைய 133-ஆம் பிரிவு 138 ஆகியிருக்கிறது, வாசகமும் மாறியிருக்கிறது. உறுதிச் சான்று இல்லாவிட்டாலும் சட்டவிரோதம் இல்லை என்று இருந்த இடத்தில், உறுதி பெற்ற சாட்சியின் பேரில் தண்டித்தால் சட்டவிரோதம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நீதிபதிகளின் எச்சரிக்கை சட்ட வாசகத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்று இதை வாசிக்கலாம். ஆனால் எதை உறுதி என்று எடுத்துக்கொள்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பங்க் கேமராவில் தெரிந்த வெள்ளைப் பட்டையை உறுதி என்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார்.

தீர்ப்பு வந்த மறுவாரம் எங்கள் கட்சிக்காரர் ஆபீசுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "மேடம், வண்டி எப்ப கிடைக்கும்?" என்றார். ஆட்டோ இரண்டு வருடத்துக்கு மேலாக ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. டயர் நான்கும் போய்விட்டது, பேட்டரியைக் காணோம், கட்ட வேண்டிய தவணை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. வழக்குச் சொத்தைத் திரும்பக் கேட்கும் மனுவில் வண்டியின் விவரத்தைச் சரியாக எழுத வேண்டும். நம்பர் என்ன என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே எழுதி முடித்திருந்தேன்.